புளி தட்டுகிற ஆயாவும் என் 41 'மாக'வும்

வணக்கம். பின்னால் சேவல் கூவும், மன்னித்துக்கொள்ளுங்கள். தருமபுரியில் இருக்கிற என் அறையில் இல்லை, போச்சம்பள்ளி பக்கம் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். கதையில் அடைமொழியைக் குறைத்துச் சரியான வினையைத் தேடுவதுதான் இன்றைய பேச்சு, அதற்காகத்தான் இங்கே வந்தேன்.

போன மாதம் ஒரு சிறுகதை எழுதினேன். புளி சீசனில் கொட்டை எடுக்கிற ஒரு ஆயா, ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன பேரன். அவ்வளவுதான் கதை. அதில் ஒரு பத்தியை அப்படியே வாசிக்கிறேன், சிரிக்காதீர்கள்.

"ஆயா மிகவும் வேகமாகவும் கவனமாகவும் புளியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவருடைய சுருக்கம் விழுந்த, வாடிய, களைத்த முகத்தில் ஆழமான, இனம்புரியாத சோகம் காணப்பட்டது. பேரனின் வருகையை ஆவலாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்தால் கண் முன்னால் என்ன வருகிறது? எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆயா கையில் என்ன இருக்கிறது, புளி எங்கே கிடக்கிறது, எதுவும் தெரியவில்லை. சரி, திருத்தலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அடைமொழிகளைத் தேடுவது. கணினியில் Ctrl+F அழுத்தி 'ஆக' என்று தட்டினால் ஏமாந்துபோவீர்கள். 'ஆகவே', 'ஆகும்' எல்லாம் வரும், 'வேகமாக' வராது. காரணம், 'வேகமாக' என்ற சொல்லுக்குள் 'ஆ' என்ற எழுத்தே கிடையாது. 'ம'வுக்குப் பக்கத்தில் துணைக்கால்தான் இருக்கிறது. அதனால் 'மாக' என்று தேடுங்கள், அப்புறம் 'வாக', 'லாக', 'யாக'. வினையடைகள் வரிசையாக மாட்டும். 'வாக' தேடும்போது 'வாகனம்' கூட வரும், அதை விட்டுவிடலாம். அடுத்தது 'மான', 'ந்த' பக்கம் பெயரடைகள். 'ந்த'வுக்கு 'அந்த', 'இந்த', 'வந்த' எல்லாம் சேர்ந்து குவியும், பொறுமை வேண்டும். என் கதையில் 'மாக', 'வாக', 'லாக', 'யாக' எல்லாம் சேர்த்து 41 இடத்தில் இருந்தது. ஆறு பக்கக் கதை!

அப்புறம் சோம்பேறி வினைகள். தமிழில் இவை ஒரு பெயர்ச்சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டு வரும். 'செய்', 'மேற்கொள்', 'ஏற்படு', 'காணப்படு'. விசாரணை மேற்கொண்டார் என்றால் விசாரித்தார். முயற்சி செய்தான் என்றால் முயன்றான். இவற்றை மாற்ற ஒரு நிமிஷம் போதும், இதில் நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. 'சுத்தம் செய்' அப்படி இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் முதல் திருத்தம் இது: "ஆயா புளியை விளாசினார்." எழுதிவிட்டு எனக்கே பெருமை. அடைமொழி போச்சு, பலமான வினை வந்தாச்சு. பெரியம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "விளாசினா கொட்டையோட சதையும் நசுங்கி கல்லுல ஒட்டிக்கும்டா. அப்புறம் வியாபாரி எடுப்பானா?" என்றார். அவ்வளவுதான், காலி.

நான் செய்த தப்பு என்னவென்றால், வினையை மண்டைக்குள் தேடினேன். 'சுத்தம் செய்' போய் இன்னும் சத்தமான ஒன்று வந்ததே தவிர, அந்த வேலையை நான் இன்னும் பார்க்கவே இல்லை. சின்ன வயதில் பார்த்தது, ஆனால் அப்போது கொட்டையை வறுத்துத் தின்பதில்தான் கவனம். அதனால்தான் பஸ் ஏறி வந்தேன். நேற்று முழுக்க இங்கே புளி தட்டுகிற ஒரு ஆயா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்தேன். ஒரே ஒரு விதி: வினை மட்டும் எழுத வேண்டும், எப்படி இருந்தது என்று எழுதக் கூடாது.

இதோ, நோட்டைக் காட்டுகிறேன், கையெழுத்து மோசம். ஓடு உடைத்து, நார் உரித்த பழம் சாக்கில் கிடக்கிறது. ஆயா காலை நீட்டி, இரண்டு காலுக்கும் நடுவில் கல்லை வைக்கிறார். பழத்தைக் கல்லில் ஒருக்களித்துப் பிடிக்கிறார். இரும்புத் தடியால் ஒரு தட்டு. சதை பிளக்கிறது. விரலால் அழுத்துகிறார், கொட்டை பிதுங்கி வெளியே வருகிறது. பழத்தைத் திருப்புகிறார். மறுபடி தட்டு. கொட்டை ஒரு பக்கம், சதை முறத்தில்.

பார்த்தீர்களா, சரியான வினை 'தட்டினார்'. 'விளாசினார்' அளவுக்குப் பகட்டு கிடையாது. அடி, குத்து, இடி, நசுக்கு, தட்டு என்று தமிழ் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறது. அதில் ஒன்றுதான் புளிக்குப் பொருந்தும். கவனமாக என்று நான் சொல்லவே தேவையில்லை, ஒருக்களித்துப் பிடித்தார் என்றாலே அது வந்துவிடுகிறது.

வேகம் மட்டும் உதைத்தது. அதற்கு நோட்டிலேயே பதில் இருந்தது: ஆயா பழத்தைப் பார்ப்பதே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறார். அதை எழுதினால் வேகமும் வருகிறது, பேரனுக்காகக் காத்திருப்பதும் வருகிறது. அப்போது சோகத்துக்கு என்ன செய்வது? கதைக்காக நானே ஒன்று சேர்த்தேன். இப்போதைய வடிவம்:

"ஆயா தெருவைப் பார்த்துக்கொண்டே பழத்தைக் கல்லில் ஒருக்களித்துத் தட்டினார். கொட்டை பிதுங்கி விழுந்தது. திருப்பித் தட்டினார். ஆறரை மணி பஸ் நின்றது, கிளம்பியது. ஆயா முறத்திலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினார். அதில் கொட்டை இல்லை."

முன்பு இருந்த ஒன்பது அடைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. 'சோகம்' என்ற சொல்லும் இல்லை. ஏற்கெனவே கொட்டை எடுத்த பழத்தை மறுபடி தட்டுகிறார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா 'மாக', 'யாக'வையும் வெட்டாதீர்கள், நான் வெட்டி மாட்டிக்கொண்டேன். "பேரன் தனியாக வந்தான்" என்று இன்னொரு இடத்தில் இருந்தது. அதில் 'தனியாக'வை எடுத்தால் மருமகள் வரவில்லை என்ற செய்தியே போய்விடும். எடுத்துப் பாருங்கள், நடந்தது மாறினால் திரும்ப வையுங்கள், அழுத்தம் மட்டும் குறைந்தால் விட்டுவிடுங்கள். 'மிகவும்' இந்தச் சோதனையில் அநேகமாகத் தோற்கும். இந்த ஆசை நமக்குப் புதிதும் இல்லை; மிகுதி என்ற ஒரே பொருளுக்கு சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு உரிச்சொல்லை நன்னூல் சொல்கிறது.

'சொன்னான்', 'போனான்', 'வந்தான்' மாதிரி வினைகளையும் தொடாதீர்கள். "கர்ஜித்தான்", "முழங்கினான்" என்று பேச்சுக்குப் பேச்சு மாற்றினால் நாடக மேடை ஆகிவிடும். யார் பேசினார் என்று தெரிந்தால் போதும் அங்கே.

41 இப்போது 9 ஆகியிருக்கிறது. எட்டுக்கு எனக்குக் காரணம் தெரியும். ஒன்பதாவது கடைசி வரியில் இருக்கிறது: "ஆயா மெல்ல மெல்ல, தளர்வாக எழுந்தார்." 'தளர்வாக' வேண்டாம் என்று தெரிகிறது, பதிலுக்கு என்ன என்று தெரியவில்லை. நேற்று சாயங்காலம் ஆயா எழுந்த நேரத்தில் நான் கொல்லையில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன். தரையில் கை ஊன்றினாரா, தூணைப் பிடித்தாரா, சாக்கை இழுத்தாரா என்று பார்க்கவில்லை. இப்போது மணி ஐந்தே கால். இன்னும் அரைச் சாக்கு மிச்சம் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டுப் போய் உட்காருகிறேன்.