வெடித்த போத்தலுக்கும் விலை உண்டு

வணக்கம் நேயர்களே.

தொடர்ச்சியாக உற்பத்தியாகும் பொருளின் அலகுச் செலவைக் காணும் செயன்முறைக் கிரயம் படிக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, அசாதாரண நட்டத்துக்குச் சமான அலகு கொடுக்கும் நாம் சாதாரண நட்டத்துக்கு ஏன் கொடுப்பதில்லை என்பதுதான். அரைகுறையாக நிற்பவற்றை, அவை எத்தனை முழுப் பொருளுக்குச் சமம் என்று மாற்றி எண்ணுவதே சமான அலகு. நெல்லிரசம் அடைக்கும் ஓர் ஆலையைக் கற்பனை செய்து இதைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

இந்த மாதம் 10,000 போத்தல்கள் உள்ளே சென்றன. சூடான ரசத்தை ஊற்றும்போது, முன்கூட்டியே சூடாக்கப்படாத கண்ணாடியின் அடிப்பகுதியில் மயிரிழை போல வெடிப்பு விழும். இறுதியில் விளக்கொளியில் பிடித்துப் பார்க்கையில்தான் அது தெரியவரும். எவ்வளவு கவனித்தாலும் நூற்றுக்கு மூன்று இப்படிக் கழியும் என்பது ஆலையின் அனுபவம்; ஆகவே 300 போத்தல்கள் சாதாரண நட்டம். ஆனால் போத்தலைச் சூடாக்கும் தொட்டி ஒரு நாள் பழுதானதால் மொத்தம் 500 கழிந்தன. மிகுதி 200 அசாதாரண நட்டம். 9,000 முடிவடைந்தன, 500 போத்தல்கள் ரசம் நிரப்பிய நிலையில் தங்கிவிட்டன. மூடியும் லேபலும் சொற்ப விலை என்பதால் அவற்றின் மூலப்பொருளை முழுமையானதாகவும், கூலியும் ஆலையின் மறைமுகச் செலவான மேந்தலையும் சேர்ந்த மாற்றற் கிரயத்தை 40 வீதமாகவும் கொள்வோம்.

மூலப்பொருளுக்குச் சமான அலகுகள் 9,000, 200, 500 சேர்ந்து 9,700. மாற்றற் கிரயத்துக்கு, 500இன் 40 வீதம் 200 ஆவதால், 9,400. மூலப்பொருட் செலவு 583,500 ரூபா. சாதாரண நட்டப் போத்தல்கள் உடைகண்ணாடியாக ஒன்று 5 ரூபாவுக்கு விலைப்பட்ட 1,500 ரூபாவைக் கழித்து 9,700ஆல் வகுத்தால் அலகுக்கு 60 ரூபா. மாற்றற் கிரயம் 188,000 ரூபா, அலகுக்கு 20. ஆக ஒரு போத்தல் 80 ரூபா.

சாதாரண நட்டத்தின் செலவை நல்ல போத்தல்களே சுமக்க வேண்டும். அதனால்தான் அதற்கு அலகு இல்லை. தொட்டி பழுதானதற்கு நல்ல போத்தல் பொறுப்பல்ல. எனவே அந்த 200 போத்தல்களும் 80 ரூபா வீதம் 16,000 ரூபாவாகத் தனிக் கணக்குக்குச் சென்று, உடைகண்ணாடி விற்ற 1,000 ரூபா கழிய, 15,000 ரூபா இலாபநட்டக் கணக்கில் விழுகிறது. கழிந்த ஐந்நூறையும் சாதாரணம் என்று எழுதிவிட்டால் போத்தலின் கிரயம் ஏறத்தாழ 81.60 ரூபாவாக உயரும். பழுதான தொட்டி ஏட்டில் எங்குமே தென்படாது. முகாமையாளர் சிலருக்கு அதுவே வசதி.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சோதனை இறுதியில்தான் நடப்பதால், அதை இன்னும் எட்டாமல் பாதியில் நிற்கும் 500 போத்தல்கள் சாதாரண நட்டத்தில் பங்கு சுமப்பது கண்டிப்பாகப் பார்த்தால் நியாயமன்று. அந்த 300க்கும் அலகு கொடுத்து, அதன் செலவைச் சோதனையைக் கடந்தவற்றின் மீது மட்டும் ஏற்றுவதே துல்லியமான வழி. நான் இங்கே காட்டியது பரீட்சை மண்டபத்தில் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் சுருக்குவழி.

நன்றி, வணக்கம்.