எம்டியின்ர கையில குடுக்கிற ஒரு பக்கம்

வணக்கம், திருகோணமலையிலயிருந்து கதைக்கிறன். எம்டியோ ஜிஎம்மோ வெளியாக்களோட ஒரு மீட்டிங்குக்குப் போகேக்க நாங்கள் எழுதிக் குடுக்கிற ஒரு பக்க பிரீஃபிங் நோட்டைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப்போறன். ஒரு உதாரணத்தை வைச்சு எழுதியே பாப்பம்.

நிலாவெளியில ஒரு ஹோட்டல் எண்டு வையுங்கோ. கொழும்பில இருக்கிற டூர் கொம்பனி ஒண்டு சீசனுக்கு 20 ரூம் பிடிச்சு வைக்குது. ஆக்கள் வராட்டி 7 நாளுக்கு முதல் சொல்லிப்போட்டு ரூமைத் திருப்பித் தரலாம், அதுக்கு அவை காசு கட்டத் தேவையில்லை. போன ஓகஸ்டில அப்பிடி ஒரு கிழமையில 8 ரூம் திரும்பி வந்திட்டுது. அந்த நேரத்தில ஆரிட்ட விக்கிறது? இப்ப புது ஒப்பந்தம் கதைக்க எம்டி கொழும்புக்குப் போறா.

கனபேர் முதல் வரியில என்ன எழுதுவினம் தெரியுமோ? ‘அடுத்த சீசன் பற்றிக் கலந்துரையாடல்.’ இதை வைச்சுக்கொண்டு அவ அங்க என்ன கேக்கிறது? இப்பிடி எழுதுங்கோ: ‘ஜூலை, ஓகஸ்ட் ரெண்டு மாதத்துக்கும் ரூம் திருப்பித் தாற அறிவித்தலை 7 நாளிலயிருந்து 21 நாளாக்க அவையின்ர சம்மதம் எடுக்கவேணும்.’ மீட்டிங் முடிஞ்சு வெளியில வரேக்க அது கிடைச்சுதா இல்லையா எண்டு ஆம், இல்லை எண்டு சொல்லக்கூடியதா இருக்கவேணும். அந்த வரி எழுதமுடியாட்டி, மீட்டிங் எதுக்கெண்டு இன்னும் ஒருத்தரும் முடிவெடுக்கேல்லை எண்டுதான் அர்த்தம். எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு அவவிட்டயே போய்க் கேளுங்கோ.

அடுத்தது, மேசைக்கு அங்கால இருக்கப்போறது ஆர். பேரும் பதவியும் மட்டும் காணாது. அந்த ஆள் அங்கயே ஓம் எண்டு சொல்லக்கூடியவரா, இல்லை மேல கேக்கவேணுமா? கேக்கவேணுமெண்டா எங்கட கேள்வியே மாறுது. சம்மதத்துக்குப் பதிலா, எப்ப பதில் வரும் எண்டு ஒரு திகதி எடுக்கவேணும். அவைக்கு என்ன தேவை எண்டதும் ஒரு வரி வரவேணும். இந்தக் கதையில அவைக்கு ரேட் கூடாம இருக்கிறதுதான் பெரிசு. கொம்பனி எந்த வருஷம் துவங்கினது, எத்தினை கிளை இருக்கு எண்டு வெப்சைட்டில கிடக்கிறதைக் கொண்டுவந்து ஒட்டாதேங்கோ. பக்கம் நிரம்புறது அதாலதான்.

இப்ப, நான் ஆகக்கூட நேரம் செலவழிக்கிற இடம்: அவை திருப்பிக் கேக்கப்போற கேள்வியள். ‘மற்ற ஹோட்டல்காரர் 7 நாள்தானே கேக்கினம், நீங்கள் ஏன் 21?’ இது கட்டாயம் வரும். பதிலை வாயால சொல்லுற மாதிரியே எழுதுங்கோ: ‘மே, ஜூன், செப்டம்பருக்கு 7 நாளே இருக்கட்டும். ஜூலை, ஓகஸ்டுக்கு மட்டும்தான் கேக்கிறம், அதுக்குப் பதிலா ரேட்டைக் கூட்டமாட்டம்.’ இப்பிடி ரெண்டு மூண்டு கேள்வி காணும். எங்கட பக்கத்துப் புண்ணையும் மறைக்காதேங்கோ. போன சீசனில அவையின்ர ஆக்களுக்கு ரூம் பிந்திக் குடுத்து முறைப்பாடு வந்திருந்தா, அதுவும் பதிலோட அந்தப் பக்கத்தில இருக்கவேணும்.

இதெல்லாம் மேசையில இருந்து யோசிச்சு வராது. ரிசர்வேஷன்காரரிட்டப் போய் அந்த 8 ரூம் சரியான கணக்கோ எண்டு கேளுங்கோ. எக்கவுண்ட்ஸில அந்தக் கொம்பனியின்ர பில் ஏதும் நிலுவையில கிடக்கோ எண்டு பாருங்கோ. நாங்கள் சலுகை கேட்டுக்கொண்டிருக்கேக்க அவை பழைய பில் பிரச்சினையை எடுத்தா, எம்டி முதல்தரம் அதை அங்க வைச்சுக் கேள்விப்படக்கூடாது.

ஒரு விஷயம் மட்டும் அந்தப் பக்கத்தில எழுதாதேங்கோ: எங்கட கடைசி எல்லை. 21 கேட்டுப்போட்டு 14 நாளுக்கு இறங்கலாம் எண்டது அவவுக்குக் கட்டாயம் தெரியவேணும், ஆனா வாயால சொல்லுங்கோ. அந்தத் தாள் மேசையில விரிஞ்சு கிடக்கும், அங்கால இருக்கிறவர் தலைகீழா வாசிப்பார், சிலநேரம் எழும்பேக்க அங்கயே விடுபட்டும் போகும். தாளில எழுதக்கூடியது என்னெண்டா, எதுக்கு வாக்குக் குடுக்கக்கூடாது எண்ட வரி: ‘ரூம் எண்ணிக்கையைக் கூட்டிறது பற்றி இண்டைக்கு முடிவு சொல்லவேண்டாம்.’ அவை வாசிச்சாலும் பெரிய நட்டமில்லை.

ஒரு பக்கத்துக்குள்ள அடங்கேல்லை எண்டு எழுத்தைச் சின்னனாக்கிறது, ஓரத்தைக் குறைக்கிறது சரிவராது. கந்தளாய், ஹபரணை தாண்டி வாகனம் குலுங்கிக்கொண்டு போகேக்கதான் அவ அதை வாசிக்கப்போறா. 12 அளவு எழுத்தில வையுங்கோ, மிஞ்சிறதை வெட்டுங்கோ. எதை வெட்டுறது எண்டு தெரியாட்டி, இந்த மீட்டிங் பற்றி ஒண்டும் தெரியாத ஒருத்தரிட்டக் குடுத்து ரெண்டு நிமிஷம் வாசிக்கவிட்டுத் தாளை வாங்குங்கோ. ‘நீங்கள் போனா என்ன கேப்பீங்கள்?’ எண்டு கேளுங்கோ. 21 நாள், ஜூலை, ஓகஸ்ட் எண்டு வந்தாச் சரி. கொம்பனியின்ர வரலாறைச் சொன்னா, வெட்டவேண்டியது அதுதான்.

முதல்நாள் பின்னேரமே குடுத்திடுங்கோ, கேள்வி கேக்க அவவுக்கு நேரம் வேணும். காலமை ஏதும் மாறினா முழுத்தாளையும் திருப்பி அனுப்பாதேங்கோ, மாறின வரியை மட்டும் போனில சொல்லுங்கோ.