பின்னலில் ரோஜா: காம்பின் மேல் முடி ஓட வேண்டும்

[திரையில்: பக்கவாட்டில் திரும்பி நிற்கும் ஒரு பெண், தோளில் விழுந்த ஒற்றைப் பின்னல். பூ இல்லை.]

வணக்கம். இது என் அக்கா மகளின் படம். எடுத்து முடித்த பிறகுதான், "தலையில் ஒரு பூ இருந்திருக்கலாமே மாமா" என்றாள். சரி என்று ஒரு பட்டன் ரோஜாவை GIMP-இல் வைத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க" என்றாள். பூவில் குறை எதுவும் இல்லை. ஆனால் காம்பு முழுசாக முடியின் மேலே கிடந்தது. நிஜத்தில் காம்பைப் பின்னலுக்குள் செருகுவோம், இல்லையா?

முதலில் பூ. இணையத்தில் தேடாமல், கடையில் ஒரு ரோஜா வாங்கி நானே படம் எடுத்தேன். அவள் படத்தில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வருகிறது. ரோஜாவுக்கும் இடப்பக்கமே ஜன்னல். அடியில் கறுப்புத் துணி விரித்தேன். வெள்ளைத் தாளில் வைத்து எடுத்திருந்தால், வெட்டி எடுத்த பூவைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டே வரும். கருங்கூந்தலில் அது பளிச்சென்று தெரியும். கறுப்புத் துணி என்றால் ஓரத்தில் ஒட்டுவதும் கறுப்புதான். இருந்தாலும் பூவைத் தேர்வு செய்ததும் Select > Shrink-இல் ஒரு பிக்சல் உள்ளே இழுத்துவிட்டேன்.

அளவைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். இந்தப் பின்னல் நேரில் சுமார் 4 செ.மீ. அகலம், படத்தில் 400 பிக்சல். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சல். 3 செ.மீ. ரோஜா 300 பிக்சல் வரும், 3 மி.மீ. காம்பு 30 பிக்சல் வரும்.

[திரையில்: பின்னல் பெரிதாக்கப்படுகிறது. காம்பு போகும் வழி சிவப்புக் கோடாக.]

இனிதான் முக்கியமான வேலை. மூன்று கால் பின்னலில் ஒரு கால் மேலே வரும், அடுத்தது அதன் கீழே நுழையும். இரண்டும் சேரும் இடுக்கில்தான் காம்பு உள்ளே போக முடியும். நான் போட்ட வழி இது: பூவின் அடியிலிருந்து காம்பு கொஞ்ச தூரம் வெளியே தெரிகிறது, இடுக்கில் நுழைந்து ஒரு காலுக்கு அடியில் மறைகிறது, அடுத்த இடுக்கில் ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கிறது, அப்புறம் காணாமல் போகிறது.

பூ லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் போடுங்கள். லேயரின் ஒபாசிட்டியை 50 ஆகக் குறைத்தால் அடியிலுள்ள முடி தெரியும், வெட்டி முடித்ததும் 100-க்குத் திருப்பிவிடுங்கள். மறைய வேண்டிய இடத்தில் மாஸ்க்கில் கறுப்பு பூசினால் காம்பு போய், அசல் படத்தின் முடி மேலே வந்துவிடும். இங்கே மென்மையான பிரஷ் எடுக்காதீர்கள். காம்பு புகையாகக் கரைந்த மாதிரி ஆகிவிடும். காலின் ஓரத்தை ஒட்டி, சற்றுக் கூர்மையான பிரஷ்ஷால் வெட்டுங்கள்.

வெளியே தெரியும் பகுதியிலும் காம்பின் மேல் சில முடிகள் ஓட வேண்டும். பலர் இங்கே புது முடி வரையப் போகிறார்கள். அதற்கு முன், அடியில் இருக்கும் நிஜ முடியைப் பயன்படுத்துங்கள். 2 பிக்சல் பிரஷ்ஷால், ஏற்கெனவே ஓடும் இழைகளின் மேலேயே மாஸ்க்கில் கறுப்புக் கோடு இழுங்கள். நிறமும் பளபளப்பும் அசலாகவே வந்துவிடும். நான் ஐந்து இழைகள் எடுத்தேன்: மூன்று ஒட்டி, ஒன்று தள்ளி, ஒன்று பாதியில் நிற்கிறது. சம இடைவெளியில் இழுத்தால் சீப்புப் பல் மாதிரி இருக்கும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் வந்தது.

பிரிந்து நிற்கும் ஒன்றிரண்டு முடி மட்டும் தனி லேயரில் வரைந்தேன். நிறத்தைப் பக்கத்து முடியிலிருந்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பு முடி கறுப்பாக இருக்காது, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். முழுக் கறுப்பில் வரைந்தால் பேனாக் கோடாகிவிடும்.

[திரையில்: நிழல் இல்லாமல், நிழலோடு. இரண்டும் அருகருகே.]

நிழல் இரண்டு. பூ முடியின் மேல் போடுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். முடி காம்பின் மேல் போடுவதைத்தான் மறக்கிறோம். அது இல்லாவிட்டால் இழைகள் காம்பில் ஒட்டாமல் மிதக்கும். பூ லேயருக்கு மேலே Multiply-இல் ஒரு லேயர் போட்டு, ஒவ்வொரு இழைக்கும் வலப்பக்கம், வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம், அடர்பச்சையில் மெல்லிய கோடு இழுங்கள். காம்பு இடுக்கில் நுழையும் இடத்தில் இன்னும் அழுத்தமாக. கோடு முடியின் மேல் கொஞ்சம் வழிந்தாலும் கவலையில்லை, அங்கே ஏற்கெனவே இருட்டுதான்.

கடைசியாகக் கூர்மை. இந்தப் படத்தில் ஃபோகஸ் முகத்தில் இருக்கிறது, பின்னல் லேசாக மங்கல். பூ மட்டும் கத்தி மாதிரி நின்றது. Gaussian Blur 1.5 கொடுத்ததும் அடங்கியது. மாஸ்க்கில் வெட்டிய ஓரங்கள் அதோடு சேர்ந்து மங்காது. தனியே பார்த்து, மிகக் கூர்மையாக நிற்கும் இடங்களை மட்டும் சற்று மென்மையாக்குங்கள்.

400 சதவீதத்தில் பெரிதாக்கியே வேலை செய்திருப்போம். இப்போது 100-க்கு வந்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். எனக்குத் திருப்பியதும்தான் தெரிந்தது: இரண்டாவது இடுக்கில் எட்டிப் பார்க்கும் காம்பு, முதல் துண்டோடு ஒரே கோட்டில் இல்லை. மாஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் வெள்ளை பூசி, மறுபடி வெட்டினேன்.

[திரையில்: முடிந்த படம்.]