200 டாலர் திரும்பி வந்தது, 1,183 ரூபாய் வரவில்லை

மக்களே, வணக்கம். முட்டம் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறேன். காற்றுச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதையே அந்தச் சத்தத்தால் வந்ததுதான்.

ஆரல்வாய்மொழி காற்றாலை வீடியோவுக்கு நீங்கள் போட்ட கமெண்ட் எல்லாம் நினைவிருக்கும். "அண்ணா, நீங்கள் பேசுகிறீர்களா, புயல் பேசுகிறதா?" அந்த ரோஷத்தில் வெளிநாட்டுக் கடை ஒன்றில் 200 டாலருக்கு ஒரு மைக் ஆர்டர் செய்தேன். பிப்ரவரி கடைசியில் பணம் கட்டினேன், மார்ச் கடைசியில் "ஸ்டாக் இல்லை, பணத்தைத் திருப்புகிறோம்" என்று மெயில் வந்தது. சரி, போகட்டும் என்று விட்டேன். கார்டு ஸ்டேட்மெண்டைப் பார்த்த பிறகுதான் எரிந்தது.

போனது 18,243 ரூபாய் 58 காசு. வந்தது 17,060. நான் ஒரு தப்பும் செய்யவில்லை, பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஆனாலும் 1,183 ரூபாய் 58 காசு காணோம். அம்மா கேட்டார்கள், "வராத சாமானுக்கு யாருக்குடா கூலி கொடுத்தே?"

முதலில் கடைக்காரனைத் திட்டி மெயில் போட்டேன். அவன் ரசீதை அனுப்பினான்: USD 200.00. எடுத்தது 200, கொடுத்தது 200. அவன் கணக்கில் ஒரு செண்ட் குறையவில்லை. வாங்கிய அன்று டாலருக்கு 87.60 போட்டிருந்தார்கள், திரும்பியபோது 85.30. கார்டு நெட்வொர்க் பழைய விலையை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. திருப்பிய பணம் அதற்குப் புதுக் கணக்கு, அது பதிவாகும் நாளின் விலைதான். இடையில் ரூபாய் வலுத்துவிட்டது, 460 ரூபாய் போச்சு. அதை யாரும் திருடவில்லை, கார்டு வைத்திருப்பவன் தலையில்தான் விழும். ரூபாய் சரிந்திருந்தால் அதே வழியில் எனக்குக் கூடுதலாக வந்திருக்கும். தக்கலை அண்ணனுக்குப் போன வருஷம் அப்படி முந்நூறு சொச்சம் லாபம். அப்போது அவர் யாருக்கும் மெயில் போடவில்லை, பாயசம் வைத்தார்.

ஆனால் 1,183-ல் 460 போக மீதி 723 எங்கே? அங்கேதான் நான் ஏமாந்தேன். எல்லாவற்றையும் டாலர் விலைமேல் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டேட்மெண்டில் அடுத்த வரியில் தனியாக இருந்தது: வெளிநாட்டுப் பணத்தில் வாங்கியதற்கு மார்க்கப் என்ற கட்டணம் 3.5 சதவீதம், 613 ரூபாய் 20 காசு. அந்த மார்க்கப்புக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி, 110 ரூபாய் 38 காசு. இது என் பேங்க் எடுத்தது. பணம் திரும்பும்போது இந்த இரண்டு வரியும் தானாகத் திரும்பவில்லை. சில பேங்க் திருப்பும், சில திருப்பாது, கார்டின் கட்டண விவரத்தில் எழுதியிருக்கும். டிஸ்ப்யூட் போட்டாலும் கதை மாறாது. கடை முழு டாலரையும் கொடுத்துவிட்டதே, எதை எதிர்த்து வழக்காடுவது?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், இதுதான் முக்கியம். ஸ்டாக் இல்லாத கடை என் பணத்தை ஏன் முதல் நாளே எடுத்தது? கார்டு போட்டதும் தொகை முதலில் பிடித்துவைக்கப்படும், அவ்வளவுதான். ஆப்பில் "Pending" என்று நிற்கும். அந்த நிலையிலேயே கடை ரத்து செய்தால் பிடித்தது அப்படியே விடுபடும், டாலர் விலை எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. கடை பணத்தை எடுத்து, ஸ்டேட்மெண்டில் பதிந்துவிட்டால்தான் பிறகு வருவது ரீஃபண்ட். அதனால் "Pending" மறைவதற்குள் "அனுப்பிவிட்டீர்களா?" என்று கேளுங்கள், இல்லையென்றால் அங்கேயே ரத்து செய்யச் சொல்லுங்கள். எனக்கு அப்போது இது தெரியாது, மட்டிப்பழம் தின்றுகொண்டு காத்திருந்தேன்.

கஸ்டமர் கேரில் மூன்று முறை பேசினேன். மூன்று பேரும் "எக்ஸ்சேஞ்ச் ரேட் சார்" என்று ஒரே பாட்டு. நாலாவதாக மெயில் எழுதினேன். 460-ஐக் கேட்கவே இல்லை. பொருளே வராத பரிவர்த்தனைக்கு மார்க்கப்பை மட்டும் திருப்புங்கள் என்று கேட்டு, இரண்டு தேதியும் ரீஃபண்டை அடையாளம் காட்டும் ஏ.ஆர்.என் நம்பரும் சேர்த்தேன். அந்த நம்பரைக் கடையில்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒன்பதாம் நாள் 613 ரூபாய் 20 காசு கணக்கில் ஏறியது மக்களே! வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தியேவிட்டேன், பக்கத்தில் நின்ற அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜி.எஸ்.டி 110 ரூபாய் 38 காசு மட்டும் இன்னும் வரவில்லை. கட்டணமே இல்லையென்றான பிறகு அதற்கு வரி ஏன் என்று நேற்று அடுத்த மெயில் போட்டிருக்கிறேன். அது வரும்வரை மைக் பழையதுதான், அப்பாவின் கம்பளி சாக்ஸ் சுற்றியிருக்கிறது. துவைத்ததுதான்.