தொட்டியின் அடியில் ஒரு துளை

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த வெயிலிலும் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கால்நடை உதவி மருத்துவர் ஐயா அவர்களே, விடியற்காலையிலேயே பந்தல் போட்டுக் கொடுத்த இளைஞர்களே, கறவையை முடித்துவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். எந்தக் கால்நடைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், உப்பான போர்வெல் தண்ணீர் என்ன செய்யும், தொட்டியை எப்படிக் கட்டுவது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். கறவை வற்றிய மாட்டுக்கு நாளைக்கு 30 முதல் 40 லிட்டர் போதும். பால் தரும் மாட்டுக்கு, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் மேற்கொண்டு 3 முதல் 4 லிட்டர் வேண்டும்; பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே. எருமைக்கும் ஏறத்தாழ இதே கணக்கு. ஆட்டுக்கு 4 முதல் 8 லிட்டர். நூறு முட்டைக் கோழிக்கு 25 லிட்டர், கடும் வெயிலில் அது இரட்டிப்பாகும்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கடலோர ஊர். 8 லிட்டர் கறந்த மாடு, பங்குனி பிறந்ததும் ஆறுக்கு இறங்குகிறது. தீவனம் சரியில்லை என்று புண்ணாக்கை மாற்றுகிறார்கள். அஞ்சு லிட்டராகிறது. பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். சாணம் இளகிப்போகிறது. கண்ணேறு பட்டிருக்கும் என்று பாட்டி சுற்றிப் போடுகிறார். மாட்டின் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. தொட்டியில் வாயை வைக்கிறது, நாலு மிடறு குடிக்கிறது, தலையைத் தூக்கி நக்கிக்கொண்டு நிற்கிறது. தாகம் தீராத மாடு தீவனத்தையும் மிச்சம் வைக்கும். பால் அங்கேதான் இறங்குகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை அந்தப் போர் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் 4500 காட்டுகிறது, அதாவது லிட்டருக்கு 4500 மில்லிகிராம். மழைக் காலத்தில் 2500 இருந்த தண்ணீர்தான். நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு ஏறியிருக்கிறது.

ஆயிரத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. மூவாயிரம் வரை மாடு குடிக்கும், புதிதாகக் குடிக்கும் மாட்டுக்குச் சில நாள் கழிச்சல் இருக்கலாம். அதற்கு மேல் தயங்கும். 5000 தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் கொடுக்காதீர்கள். 7000 தாண்டினால் எதற்குமே வேண்டாம். கொதிக்க வைத்தாலும், பிளீச்சிங் பவுடர் போட்டாலும் உப்பு போகாது. அந்த வீட்டில் செய்ய வேண்டியது, பிடித்து வைத்த மழைத்தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலப்பது. 4500 அப்போது 2300 ஆகிவிடும். தீவனத்தில் தனியாகப் போடும் கல்லுப்பையும் நிறுத்த வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். சல்பேட், நைட்ரேட், புளோரைடு எவ்வளவு என்பதை நீர்ப் பரிசோதனைக் கூடம்தான் சொல்லும்.

இனி, நான் மன்றாடிக் கேட்க வந்த செய்தி. பொதுத் தொட்டி 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வையுங்கள். கோடையில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் 18 லிட்டர் போகும். ஒரு மாடு இரண்டு மாடு வந்து 40 லிட்டர் குடிக்கும். ஆகப் போரிலிருந்து தினம் 58 லிட்டர் சேர்கிறது. ஆவியாகும் தண்ணீர் உப்பை எடுத்துப் போவதில்லை. தொட்டியைக் காலி செய்யாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் 4000 இருந்த தண்ணீர் சில மாதத்தில் 5800-ஐ நெருங்கும். போரில் 4000-க்குத் தயங்கியாவது குடித்த மாடு, தொட்டியில் முகத்தைத் திருப்புகிறது. பெரிய தொட்டி, குறைந்த மாடு என்றால் கேடு அதிகம்.

ஆகவே தொட்டி சிறிதாக இருக்கட்டும். மாட்டுக்கு 60 முதல் 75 சென்டிமீட்டர் உயரமும் கன்றுக்கும் ஆட்டுக்கும் 30 முதல் 40 சென்டிமீட்டரும் வேண்டும். தண்ணீர் ஆழம் ஒரு சாண் போதும், நிரப்ப மிதவை வால்வு வையுங்கள். மாடு முட்டாமல் அதற்கு மூடி போடுங்கள். உட்புற மூலைகளை வளைவாகப் பூசினால் பாசி தங்காது. மேலே நிழல் வேண்டும், சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்குக் கான்கிரீட் தளம் வேண்டும். இல்லாவிட்டால் அங்கே சேறாகிக் குளம்பு புண்ணாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்தளம் ஒரு பக்கம் சரிய, தாழ்ந்த மூலையில் இரண்டு அங்குலக் குழாயும் அடைப்பானும் இருக்க வேண்டும். பக்கச் சுவரில் ஒரு சாண் மேலே துளை வைத்தால் அடித்தண்ணீர் வெளியேறாது. அந்தத் துளை இருந்தும் பயனில்லை. வாரம் ஒருமுறை அடைப்பானைத் திறந்து, தேய்த்துக் கழுவி, மாதம் ஒருமுறை சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு நிரப்புங்கள். வடியும் தண்ணீர் உப்பாக இருப்பதால் காய்கறிப் பாத்திக்கு விடாதீர்கள், தென்னைக்கு விடலாம்.

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, புதிதாகக் கட்டும் தொட்டியின் மதிப்பீட்டில் அந்தக் குழாயை இப்போதே எழுதிச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே நிற்கும் தொட்டிகளுக்குத் தாழ்ந்த மூலையில் ஒரு துளை போட்டு அடைப்பான் வைத்தால் போதும். வணக்கம்.