இரண்டு சார்புகள், ஒரே c

(தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ, கல்லூரி முதலாண்டு மாணவர்களிடம் ஒரு ஞாயிறு மாலை பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். 0/0 வந்தால் மேலேயும் கீழேயும் வகையிடு, லோபிதாள் விதி, முடிந்தது கணக்கு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஏன் அது செல்லும் என்று கேட்டால் நிறைய பேர் இப்படி ஒரு பதில் சொல்கிறார்கள்: லெக்ராஞ்சியின் இடைமதிப்புத் தேற்றத்தை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை போட்டு வகுத்தால் வந்துவிடும் என்று. வராது. எங்கே உடைகிறது என்று பார்த்துவிடலாம்.

0 முதல் 1 வரை f(x) = x³, g(x) = x² என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சராசரி மாறுவீதம் 1. x²-க்கு 2c = 1, அதாவது c = 0.5. x³-க்கு 3c² = 1, அதாவது c ஏறக்குறைய 0.577. இரண்டு c-யும் வேறு வேறு! f'-ஐ ஓரிடத்திலும் g'-ஐ இன்னோரிடத்திலும் கணக்கிட்டு வகுத்தால், f'/g' என்ற ஒரே சார்பின் எல்லையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் பொதுவான ஒரே c.

அதைத் தருவதுதான் கோஷியின் தேற்றம். f, g இரண்டும் [a, b]-யில் தொடர்ச்சியானவை, (a, b)-யில் வகையிடத்தக்கவை, உள்ளே எங்கேயும் g' பூச்சியம் ஆகாது என்றால், ஏதோ ஒரு c-யில்

(f(b) − f(a)) / (g(b) − g(a)) = f'(c) / g'(c)

நம்ம ஊர் வழியில் சொல்கிறேன். திருவொற்றியூர் டோல்கேட்டில் ஒரு சைக்கிளும் ஒரு ஆட்டோவும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. கால் மணி நேரத்தில் சைக்கிள் 3 கி.மீ., ஆட்டோ 6 கி.மீ. போயிருக்கின்றன. கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டி ஆட்டோ நின்றிருக்கலாம், அப்புறம் பறந்திருக்கலாம். சைக்கிள் மட்டும் எங்கேயும் நிற்கவில்லை. ஏதோ ஒரு கணத்தில் ஆட்டோவின் வேகம் சைக்கிளின் வேகத்தைப்போல் சரியாக இரண்டு மடங்காக இருந்தே தீரும். எப்போதும் இரண்டு மடங்குக்குக் கீழேயே இருந்தால் 6 கி.மீ. போயிருக்காது, எப்போதும் மேலேயே இருந்தால் 6-ஐத் தாண்டியிருக்கும். அந்தக் கணம்தான் c. இரண்டு வண்டிக்கும் ஒரே கடிகாரம் என்பதைக் கவனியுங்கள், லெக்ராஞ்சியை இரண்டு தடவை போட்டபோது நாம் தவறவிட்டது அதைத்தான்.

நிரூபணம் சின்னதுதான்.

h(x) = f(x)(g(b) − g(a)) − g(x)(f(b) − f(a))

a-யைப் போட்டாலும் b-யைப் போட்டாலும் f(a)g(b) − g(a)f(b)-தான் வருகிறது, வீட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு முனையிலும் ஒரே மதிப்பு, அதனால் ரோலின் தேற்றப்படி உள்ளே எங்கேயோ h'(c) = 0. அதை மாற்றி எழுதினால் கோஷி. வகுக்கும்போது g(b) − g(a) பூச்சியமாகிவிடாதா என்றால், ஆகாது. ஆகியிருந்தால் அதே ரோல் g'-ஐ எங்கேயோ பூச்சியமாக்கியிருப்பார், அதைத்தான் ஆரம்பத்திலேயே தடுத்துவிட்டோமே. நம்ம x³, x²-க்கு 3c²/2c = 1, ஆகவே c = 2/3. முன்னால் வந்த இரண்டு c-யும் இது இல்லை பாருங்கள்.

சரி, இனி லோபிதாள் விதி. f(a) = g(a) = 0 என்றால் f(x)/g(x) = f'(c)/g'(c), இந்த c எப்போதும் a-க்கும் x-க்கும் நடுவே சிக்கியிருக்கிறது. x போய் a-யை நெருங்கினால் c-க்கும் வேறு போக்கிடம் இல்லை. f'/g'-க்கு L என்று ஓர் எல்லை இருந்தால், c எந்த வழியாக a-க்குப் போனாலும் L-தான், அதனால் f/g-க்கும் L.

இங்கேதான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். வகையிட்ட பிறகு எல்லை கிடைக்கவில்லை என்றதும் "எல்லை இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். x பூச்சியத்தை நெருங்கும்போது x² sin(1/x) / sin x-ஐப் பாருங்கள், பூச்சியத்தில் மேலே உள்ளதன் மதிப்பு 0 என்று வைத்துக்கொண்டு. x/sin x போய் 1 ஆகிறது, x sin(1/x) போய் 0 ஆகிறது, விடை 0. ஆனால் வகையிட்டால் (2x sin(1/x) − cos(1/x)) / cos x. அந்த cos(1/x) 1-க்கும் −1-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும், எல்லையே கிடையாது.

கோஷி தேற்றம் இங்கே பொய்த்துவிட்டதா? இல்லவே இல்லை. ஒவ்வொரு x-க்கும் ஒரு c இருக்கத்தான் செய்கிறது, அந்த c-யில் f'/g'-ம் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. cos(1/c) ஏறக்குறைய பூச்சியமாக இருக்கும் புள்ளிகளில் மட்டுமே c போய் உட்காருகிறது, ஆட்டம் பெரிதாக இருக்கும் புள்ளிகளை அது தொடுவதே இல்லை. நாமோ f'/g'-ன் எல்லையைத் தேடும்போது எல்லாப் புள்ளிகளையும் பார்க்கிறோம். அதனால் வகையிட்ட பிறகு எல்லை கிடைக்காவிட்டால் விதி வாயைத் திறக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும்; பழைய f/g-க்கே திரும்பிப் போய் வேறு வழி பாருங்கள்.