பொதுக்கூட்ட அழைப்பும் பதிலாள் படிவமும்

வணக்கம். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நிர்வாகக் குழு உறுப்பினர்களை அழைக்கும் கடிதத்தில் சிக்கல் பெரும்பாலும் தேதிக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

கூட்டம் 25ஆம் தேதி காலை 10 மணிக்கு என்று வையுங்கள். உங்கள் சங்க விதி '21 முழு நாட்கள் முன்னறிவிப்பு' கேட்கிறது. 4ஆம் தேதி கடிதம் கையில் சேர்ந்தால் போதும் என்று தோன்றும். போதாது. முழு நாட்கள் என்றால் கடிதம் சேர்ந்த நாளையும் கூட்ட நாளையும் கழித்துவிடுவார்கள். 5 முதல் 24 வரை எண்ணினால் 20தான். ஆக, 3ஆம் தேதிக்குள் சேர்ந்தாக வேண்டும். தபாலில் போனால் எந்த நாளில் சேர்ந்ததாகக் கொள்வது என்பதையும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டடம், மாடி, அறை, பதிவு தொடங்கும் நேரம் இருந்தால் சரி.

நிகழ்ச்சி நிரலில் 'கணக்கு' என்று ஒற்றைச் சொல் போட்டால், ஒப்புதல் தரப்போகிறோமா, சும்மா கேட்கப்போகிறோமா என்று தெரியாது. 'தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கை ஏற்பது' என்று தீர்மானமாகவே எழுதுங்கள். வர முடியாதவர் அதைப் படித்துத்தானே பதிலாளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்?

பதிலாள் படிவத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்று கட்டம் விடுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் பதிலாள் தன் விருப்பப்படி வாக்களிக்கலாமா, தீர்மானத்தில் திருத்தம் வந்தால் என்ன செய்வது என்று படிவத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். அது இல்லாத படிவங்கள்தான் வாக்கு எண்ணும் மேசையில் சண்டை மூட்டுகின்றன. 48 மணி நேரத்துக்கு முன் படிவம் சேர வேண்டும் என்பது விதியானால், '23ஆம் தேதி காலை 10 மணிக்குள், செயலாளரிடம்' என்று எழுதுங்கள். கணக்குப் போடும் வேலையை உறுப்பினர் தலையில் கட்டாதீர்கள். படிவம் தந்தவரே நேரில் வந்துவிட்டால் யார் வாக்கு செல்லும் என்பதையும் சேருங்கள். நேரில் வந்தவர் வாக்கே செல்லும் என்பதுதான் பொதுவான வழக்கம்.

அப்புறம், நிர்வாகக் குழுவினருக்கென்றே ஒரு விஷயம். பொதுக்கூட்டத்தில் அவர்கள் வாக்களிப்பது சங்க உறுப்பினர் என்ற முறையில். பதிலாள் அந்த வாக்கை மட்டும்தான் சுமந்து வருகிறார். பொருளாளர் பதிலாளை அனுப்பிவிட்டால் வாக்கு விழும். ஆனால் கணக்கைப் பற்றி உறுப்பினர் எழுந்து கேட்டால் அந்தப் பதிலாளால் என்ன சொல்ல முடியும்? அதனால் குழுவினருக்குப் போகும் கடிதத்தில் மட்டும் இன்னொரு வரி வேண்டும்: 'வர இயலாவிட்டால், உங்கள் பொறுப்பிலுள்ள அறிக்கை குறித்துப் பதில் சொல்லப்போகும் குழு உறுப்பினரின் பெயரையும் 23ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்.'